சொந்த ஆட்டோவா, நாள் வாடகை ஆட்டோவா: லோனில் கையெழுத்துப் போடுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

என் மனைவியின் தம்பி சைதாப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறான். ஒன்பது வருடமாக வாடகை வண்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷோரூம் கொட்டேஷன் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். "மாமா, வாடகைக்கே மாசம் 9,000 போகுது. டியூ 6,900 தான். 4 வருஷத்துல வண்டி நம்மளது. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான்.

யோசிக்க இருந்தது. அன்று சாயங்காலம் வரை உட்கார்ந்து கணக்குப் போட்டோம். முதலில் லாபம் என்று வந்தது, பிறகு நஷ்டம் என்று வந்தது, கடைசியில் எந்த விஷயத்தை மாற்றினால் லாபமாகும் என்று தெரிந்தது. அந்தக் கணக்கை அப்படியே இங்கே தருகிறேன். ரூபாய் விவரங்கள் அவனுடையவை. உங்கள் ஊரில், உங்கள் ஸ்டாண்டில் வேறாக இருக்கும். போடும் முறை மட்டும் மாறாது.

முதல் படி: ஒரு மாதம் நோட்டுப் போடுங்கள்

கடன் பற்றிப் பேசுவதற்கு முன் 30 நாள் நோட்டில் எழுதுங்கள். அன்றைய மொத்தக் கலெக்‌ஷன், கேஸ் செலவு, கொடுத்த வாடகை, கைக்காசில் செய்த ரிப்பேர், எத்தனை மணிக்கு வண்டி எடுத்தீர்கள், எப்போது விட்டீர்கள். ஆப் சவாரி ஓட்டினால் அதற்குக் கட்டும் தினசரிக் கட்டணத்தையும் எழுதுங்கள். ஓட்டாத நாளையும் எழுதுங்கள். அதுதான் முக்கியம்.

மச்சானைக் கேட்டபோது, "மாசம் 28 நாள் ஓட்டுவேன் மாமா" என்றான். அவனிடம் இருந்த போன மாத நோட்டைப் பார்த்ததில் 26 நாள். ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல், ஒரு நாள் ஊரில் காதுகுத்து, மற்றவை அலுப்பு. எல்லோரும் ஓட்டும் நாளைக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, ஓட்டாத நாள் ஞாபகத்தில் நிற்பதில்லை.

அவனுடைய சராசரி இப்படி வந்தது. நாளுக்குக் கலெக்‌ஷன் 1,700. கேஸ் 450. மிச்சம் 1,250. அதில் வாடகை 350 போக, கையில் 900.

இரண்டாம் படி: உண்மையான வாடகை எவ்வளவு

முதலாளிக்குக் கொடுக்கும் 350 மட்டும் வாடகை இல்லை. வாடகை வண்டி பழையதாக இருந்தால் கேஸ் கூடக் குடிக்கும். நாளுக்கு 110 கிலோமீட்டர் ஓடும் வண்டி லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கொடுத்தால் 5 லிட்டர் போதும். 18 தான் கொடுக்கிறது என்றால் 6 லிட்டருக்கு மேல் வேண்டும். அந்த ஒரு லிட்டர் விலையையும் உங்கள் வாடகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பஞ்சர், பல்பு, கேபிள் போன்ற சில்லறை வேலைகளை யார் பார்ப்பது என்பது முதலாளிக்கு முதலாளி மாறும். உங்கள் கையிலிருந்து போனால் அதுவும் வாடகைதான்.

மச்சான் ஓட்டிய வண்டி மூன்று வருடம்தான் ஆனது, மைலேஜ் குறையில்லை, சில்லறை வேலையையும் முதலாளியே பார்த்துக்கொள்வார். அதனால் 350 என்றே வைத்தோம். 26 நாளுக்கு 9,100 ரூபாய்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஓட்டாத நாளுக்கு வாடகை உண்டா? நாள் வாடகையில் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டால் கிடையாது. வாடகைக்காரனுக்கு இருக்கும் பெரிய சலுகை இதுதான். வங்கிக்கு இந்தச் சலுகை தெரியாது.

மூன்றாம் படி: வண்டியின் முழு விலை

ஷோரூம் விலை வேறு, ரோட்டுக்கு வரும் விலை வேறு. பதிவு, வரி, முதல் வருட இன்சூரன்ஸ், பெர்மிட், மீட்டர் எல்லாம் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். சீட் கவர், மேட், சவுண்ட் சிஸ்டம் என்று கடைசியில் 8,000, 10,000 ஏற்றுவார்கள். அவற்றை எடுத்துவிட்டு ஒரு கொட்டேஷன் கேளுங்கள். மேட்டுக்கும் சேர்த்து 4 வருடம் வட்டி கட்ட வேண்டாம். பழைய கொட்டேஷன் கையில் இருந்தால் புதிதாக வாங்குங்கள்: 2025 செப்டம்பர் 22 முதல் மூன்று சக்கர வண்டிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது.

மச்சானின் கணக்கில் ரோட்டு விலை 2,90,000. டவுன் பேமென்ட் 60,000. லோன் 2,30,000. பிராசஸிங் கட்டணம் 4,000, அதையும் முன்னாலேயே கட்ட வேண்டும்.

நான்காம் படி: "92 பைசா வட்டி" என்றால் என்ன

இதில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். வாங்குகிறவர் பணம் அதிகம் தொலைவது இந்த இடத்தில்தான்.

ஷோரூமிலேயே மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் ஆள் மச்சானிடம், "நூத்துக்கு மாசம் 92 பைசாதான் பிரதர், வருஷத்துக்கு 11 பர்சன்ட்" என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஃபிளாட் வட்டி. 2,30,000-க்கு 11 சதவீதம், 4 வருடத்துக்கு 1,01,200. அசலோடு கூட்டினால் 3,31,200. அதை 48-ஆல் வகுத்தால் மாத டியூ 6,900. கணக்கு சரியாகத்தான் வருகிறது.

கோளாறு இதில்தான்: இரண்டாவது வருட முடிவில் அசலில் ஒரு பெரிய பங்கைத் திருப்பிக் கட்டியிருப்பீர்கள். ஆனாலும் வட்டி முழு 2,30,000-க்கும்தான் ஓடிக்கொண்டிருக்கும். பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி என்று போட்டால் இந்தக் கடனின் வட்டி 11 இல்லை, 19.2 சதவீதம். பிராசஸிங் 4,000-ஐயும் சேர்த்தால், கைக்கு வந்தது 2,26,000 தான் என்றாகி, 20 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. போனில் ஏதாவது ஒரு ஸ்ப்ரெட்ஷீட் திறந்து, ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=RATE(48,-6900,230000)*12
```

48 என்பது மாதங்கள், 6900 டியூ, 230000 கடன். 0.192 என்று வரும், அதாவது 19.2 சதவீதம். உங்கள் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 2024 அக்டோபர் 1 முதல், வங்கியானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும், இதுபோன்ற கடனுக்குக் கையெழுத்து வாங்குவதற்கு முன் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று அதில் ஒரு வரி இருக்கும். அதை மட்டும் பாருங்கள், பைசாக் கணக்கை விட்டுவிடுங்கள். மச்சான் அந்தத் தாளைக் கேட்டபோது "லோன் சாங்ஷன் ஆனதும் வாட்ஸ்அப்பில் வரும்" என்றார்களாம். வரும்வரை கையெழுத்துப் போடாதே என்று சொன்னேன்.

அதே 2,30,000-ஐ ஒரு வங்கி 12 சதவீதத்தில், பாக்கி அசலுக்கு மட்டும் வட்டி போட்டுக் கொடுத்தால் டியூ 6,057. மாதம் 843 குறைவு, 48 மாதத்தில் 40,000 ரூபாய்க்கு மேல். சொல்லும்போது 11 சின்னது, 12 பெரியது. கட்டும்போது 12 தான் சின்னது.

ஐந்தாம் படி: சும்மா கூட்டினால் ஏன் தப்பு வரும்

முதலில் மச்சான் போட்டதுபோல் நேராகக் கூட்டிப் பார்ப்போம். 4 வருட வாடகை 4,36,800.

வாங்கினால் ஆகும் செலவு: முன்பணமும் பிராசஸிங்கும் 64,000. டியூ 3,31,200. இரண்டாவது வருடத்திலிருந்து இன்சூரன்ஸ் வருடம் 9,000 வீதம் மூன்று முறை. புது வண்டிக்கு எஃப்சி என்ற தகுதிச் சான்று இரண்டு வருடத்தில் வரும், டிங்கரிங், பெயிண்டிங், கட்டணம் எல்லாம் சேர்த்து 8,000 வைத்தோம். ஆயில், டயர், கிளட்ச் பிளேட், பிரேக் வேலைகளுக்கு முதல் இரண்டு வருடம் மாதம் 1,500, அடுத்த இரண்டு வருடம் 2,500. மொத்தம் 5,26,200. நாலாவது வருட முடிவில், அடுத்த எஃப்சிக்கு முன் வண்டியை விற்றால் 1,20,000 கிடைக்கும் என்று ஷெட்காரர் சொன்னார். அதைக் கழித்தால் 4,06,200.

ஆக, வாங்கினால் 30,600 மிச்சம். மச்சான் எழுந்தே விட்டான்.

உட்காரச் சொல்லி ஒன்று கேட்டேன். "ஏலச்சீட்டுல முதல் மாசமே எடுக்கிறவன் ஏன்டா தள்ளு கொடுத்து எடுக்கிறான்?"

"அவனுக்கு அப்பவே பணம் வேணும், மாமா."

இன்றைய மதிப்பு என்பது இவ்வளவுதான். இன்று கையில் வரும் 1,00,000-மும் நாலு வருடம் கழித்து வரும் 1,00,000-மும் ஒன்றாக இருந்தால் ஒருவரும் தள்ளு கொடுத்துச் சீட்டு எடுக்க மாட்டார்கள். பிறகு வரும் பணத்தை இன்றைய கணக்குக்குக் கொண்டுவர, மாதத்துக்கு இவ்வளவு என்று தள்ளு போட வேண்டும். நேராகக் கூட்டும்போது முதல் நாள் கொடுக்கும் 64,000-ஐயும், 48 மாதம் கழித்து வரும் 1,20,000-ஐயும் ஒரே தட்டில் வைக்கிறோம். 30,600 லாபம் வந்தது அதனால்தான்.

எவ்வளவு தள்ளு போடுவது? உங்களுக்குப் பணம் என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அதுதான் அளவு. மச்சானுக்குத் தெரிந்த சீட்டு, நகைக்கடன், ஃபைனான்ஸ் எல்லாவற்றையும் பார்த்து மாதம் ஒன்றரை சதவீதம் என்று வைத்தோம். ஸ்ப்ரெட்ஷீட்டில் இப்படி:

```
=PV(0.015,48,-9100)
=120000/1.015^48
```

முதல் வரி மாதாமாதம் போகும் 9,100 வாடகையின் இன்றைய மதிப்பு: 3,09,787. இரண்டாவது வரி, 48-ஆம் மாதம் வண்டி விற்று வரும் 1,20,000-இன் இன்றைய மதிப்பு: வெறும் 58,723. பாதிகூட இல்லை.

ஆறாம் படி: சவாரி வருமானத்தை எங்கே வைப்பது

மாதம் 32,500 (கேஸ் போக 1,250, 26 நாள்). 48 மாதத்துக்கு இதன் இன்றைய மதிப்பு சுமார் 11,06,000. பார்க்கப் பெரிய தொகை, "வண்டி வாங்கினால் 11 லட்சம் சம்பாதிக்கலாம்" என்று யாராவது சொன்னால் மயக்கம் வரும். ஆனால் வாடகை வண்டியில் ஓட்டினாலும் இதே சவாரி, இதே கலெக்‌ஷன்தான். பயணிக்கு ஆர்.சி. புக் யார் பேரில் இருக்கிறது என்று தெரியாது. சென்னையில் அரசு 2013 ஆகஸ்டில் நிர்ணயித்த மீட்டர் கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 என்பது, சொந்த வண்டிக்கும் வாடகை வண்டிக்கும் ஒன்றுதான். நடைமுறையில் வாங்கும் கட்டணமும் அப்படியே.

அதனால் அந்த 11,06,000-ஐ இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எழுதிவிட்டு, அதிலிருந்து எது குறைவாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஷோரூம் லோனில் வாங்கினால் இன்றைய மதிப்பில் கணக்கு இது:

| செலவு | இன்றைய மதிப்பு (ரூ.) |
|---|---|
| முன்பணம், பிராசஸிங் | 64,000 |
| டியூ 6,900 × 48 | 2,34,894 |
| இன்சூரன்ஸ் மூன்று முறை | 19,089 |
| எஃப்சி ஒரு முறை | 5,596 |
| ரிப்பேர், டயர், ஆயில் | 65,076 |
| விற்பனை (கழிக்க) | 58,723 |
| நிகரம் | 3,29,932 |

வாடகைக்கு 3,09,787, வாங்கினால் 3,29,932. வாங்குவதில் 20,000 ரூபாய் நஷ்டம். அதே மனிதன், அதே வண்டி, அதே டியூ. 30,600 லாபம் 20,000 நஷ்டமாகிவிட்டது.

இது எப்படி என்று மச்சானுக்குப் புரியவில்லை. அதனால் மாதக் கணக்காகப் பிரித்துக் காட்டினேன். டியூ 6,900, ரிப்பேர் 1,500, இன்சூரன்ஸுக்கு மாதம் ஒதுக்க வேண்டியது 750, எஃப்சிக்கு 333. கூட்டினால் 9,483. இப்போது கொடுக்கும் வாடகை 9,100. சொந்த வண்டியிலும் மாதம் 383 கூடத்தான் போகிறது, மூன்றாவது வருடத்திலிருந்து 1,383 கூடப் போகிறது. அப்படியானால் இன்று கொடுக்கும் 64,000-க்கு என்ன கிடைக்கிறது? நாலு வருடம் கழித்து ஒரு பழைய வண்டி, அவ்வளவுதான். 64,000-ஐயும் கொடுத்து, மாதாமாதம் கூடுதலும் கொடுத்து, 1,20,000 வாங்குகிறாய். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

வங்கி லோனில், டியூ 6,057 என்று போட்டால் நிகரம் 3,01,234 ஆகிறது. வாடகையைவிட 8,500 ரூபாய் லாபம். பெரிய லாபமில்லை, ஆனால் பக்கம் மாறிவிட்டது. வண்டியின் விலையில் பேரம் பேசி 2,000 குறைத்ததைவிட வட்டியில் கிடைப்பது பத்து மடங்குக்கு மேல்.

ஏழாம் படி: தலைகீழாகப் போட்டுப் பாருங்கள்

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், எந்த வாடகைக்கு மேல் வாங்குவது நல்லது என்று தெரியும். 3,29,932-ஐ 34.04-ஆல் (மாதம் 1 ரூபாய் வீதம் 48 மாதத்தின் இன்றைய மதிப்பு) வகுத்து, வருவதை 26 நாளால் வகுத்தால் 373. ஷோரூம் லோன் என்றால் உங்கள் உண்மையான நாள் வாடகை 373-க்கு மேல் இருந்தால் வாங்கலாம். வங்கி லோன் என்றால் 340. மச்சானின் 350 சரியாக நடுவில் நிற்கிறது. கடன் எங்கே வாங்குகிறான் என்பதுதான் அவன் விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பழைய வண்டி ஓட்டி, கேஸுக்கு நாளுக்கு 50 கூடக் கொடுக்கிறவருக்கு உண்மையான வாடகை 400. அவர் ஷோரூம் லோனில் வாங்கினாலும் தப்பில்லை.

வாடகை ஏறும் என்பதையும் சேர்க்க வேண்டும். டியூ 48 மாதமும் ஒன்றுதான், முதலாளி அப்படி இருக்க மாட்டார். மூன்றாவது வருடத்திலிருந்து 400 கேட்பார் என்று வைத்தால், வாங்குவதன் பக்கம் 18,200 கூடுகிறது. ஷோரூம் லோன் நஷ்டம் 2,000-க்குள் வந்துவிடும். ஏறக்குறைய சமம்.

எட்டாம் படி: கணக்கைக் கவிழ்க்கும் மூன்று விஷயங்கள்

முதலாவது ஓட்டாத நாள். 26 நாளுக்குப் பதில் 22 நாள்தான் ஓட்டுகிறீர்கள் என்றால் வாடகைச் செலவு தானாகக் குறைந்துவிடும், டியூ குறையாது. ஷோரூம் லோனில் நஷ்டம் 20,000-த்திலிருந்து கிட்டத்தட்ட 68,000-க்குப் போகிறது. அந்த நிலையில் வாடகை 440 இருந்தால்தான் வாங்குவது கட்டுப்படியாகும். முதுகுவலி உள்ளவர்கள், விவசாய வேலைக்கு ஊருக்குப் போய்வருகிறவர்கள், நவம்பர் மழையில் தண்ணீர் நிற்கும் தெருவில் இருப்பவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும். சொந்த வண்டி இல்லையே என்ற ஏக்கத்தில் இந்த வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

இரண்டாவது, சொந்த வண்டியால் மட்டும் வரும் கூடுதல் சவாரி. வாடகை வண்டியைக் காலை 7 மணிக்கு எடுத்து ராத்திரி 10-க்கு விட வேண்டும் என்றால் விடிகாலை சென்ட்ரல், எழும்பூர், ஏர்போர்ட் சவாரி கைவிட்டுப் போகும். சொந்த வண்டி வாசலிலேயே நிற்கும். "தினமும் 4 மணிக்குக் கிளம்புவேன் மாமா" என்றான். அவன் அக்கா சமையலறையிலிருந்து சிரித்தாள். மாதம் 8 நாள், கேஸ் போக நாளுக்கு 150 என்று குறைத்துப் போட்டோம். மாதம் 1,200. இதன் இன்றைய மதிப்பு 40,851. ஷோரூம் லோனின் 20,000 நஷ்டத்தையும் தாண்டி 20,000 லாபம். சவாரி வருமானம் இந்தக் கணக்குக்குள் வருவது இந்த வழியில் மட்டும்தான்: வாடகை வண்டியில் கிடைக்காத சவாரி எவ்வளவு? அதில் உங்களை நீங்களே ஏமாற்றாமல் இருப்பதற்குத்தான் நோட்டில் வண்டி எடுத்த நேரத்தை எழுதச் சொன்னேன். இப்போது 7 மணிக்கு எடுக்கலாம் என்றிருந்தும் 8 மணிக்கு எடுக்கிறவர், நாளை 4 மணிக்கு எழுந்திருப்பார் என்று எழுதாதீர்கள்.

மூன்றாவது, ஏற்கனவே இருக்கும் கடன். இதை மச்சான் கடைசியில்தான் சொன்னான். தெரிந்தவரிடம் 40,000, நூற்றுக்கு மூன்று வட்டி. மாதம் 1,200 கட்டிக்கொண்டிருக்கிறான், அசல் அப்படியே நிற்கிறது. மூன்று வட்டியில் கடன் வைத்திருப்பவனுக்குப் பணத்தின் விலை மாதம் ஒன்றரை இல்லை, மூன்று. அந்த அளவில் முழுக் கணக்கையும் மறுபடி போட்டால் ஷோரூம் லோனில் நஷ்டம் 43,000-ஐத் தாண்டுகிறது. கையில் இருக்கும் 60,000-இல் 40,000-ஐ அந்தக் கடனுக்குக் கட்டினால், அடுத்த மாதமே 1,200 மிச்சம். எந்த ஆட்டோவும் 40,000 முதலுக்கு இவ்வளவு உறுதியாகக் கொடுக்காது.

ஒன்பதாம் படி: கடன் கேட்கப் போகும்போது

வங்கியில் கேட்டால் கிடைக்காது என்று ஸ்டாண்டில் எல்லோரும் சொல்வார்கள். கஷ்டம்தான், ஆனால் முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு, ஆட்டோவும் அதில் வரும். நீங்கள் கணக்கு வைத்திருக்கும் கிளையிலேயே கேளுங்கள். அங்கே கை கொடுப்பது பேங்க் புக்கில் தெரியும் வரவு. கலெக்‌ஷனை ரொக்கமாகவே வைத்துச் செலவழிக்கிறவருக்குச் சொல்ல ஒன்றுமிருக்காது. ஆறு மாதம் முன்னாலிருந்தே தினமும் ஒரு பகுதியைக் கணக்கில் போடுங்கள், யுபிஐயில் வரும் பணத்தை அதே கணக்குக்கு விடுங்கள். ஷோரூம் கொட்டேஷன், லைசென்ஸ், ஆதார், பான், வீட்டு முகவரிச் சான்று, நோட்டுக் கணக்கு இவற்றோடு போங்கள்.

கையெழுத்துக்கு முன் மூன்று கேள்வி: முன்கூட்டி அடைத்தால் அபராதம் எவ்வளவு, டியூ ஒரு நாள் தள்ளினால் எவ்வளவு, பணம் எடுக்க வரும்போது கணக்கில் இல்லாவிட்டால் எவ்வளவு. மூன்றும் அந்த முக்கிய விவரத் தாளில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சில் வேண்டாம்.

டவுன் பேமென்ட் கொடுத்ததும் கை காலியாகிவிடக் கூடாது. இரண்டு டியூவாவது தனியாக இருக்க வேண்டும். வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும் கதைகளில் பெரும்பாலும் மூன்று நாலு மாத டியூ நின்றிருக்கும், அது ஆரம்பிப்பது ஒரு இன்சூரன்ஸ் மாதத்திலோ ஒரு எஃப்சி மாதத்திலோதான். 9,000 திடீரென்று வேண்டும், கையில் இல்லை, டியூ பணத்தை எடுத்து இன்சூரன்ஸ் கட்டுவார்கள், அடுத்த மாதம் இரண்டு டியூ சேர்ந்துவிடும்.

பத்தாம் படி: வாங்கிய பிறகு

வாடகை வண்டியில் ராத்திரி முதலாளிக்கு 350 கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறீர்கள். சொந்த வண்டியிலும் அதே பழக்கத்தைத் தொடருங்கள், முதலாளி மட்டும் நீங்கள். மேலே சொன்ன 9,483-ஐ 26-ஆல் வகுத்தால் 365. தினமும் ராத்திரி அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மூன்றாவது வருடம் 403. வங்கி லோன் என்றால் ஏறக்குறைய 332-இலிருந்து ஆரம்பிக்கலாம். டியூவுக்கு மட்டும் எடுத்துவைத்து, மிச்சமெல்லாம் சம்பாத்தியம் என்று செலவழிப்பதுதான் புது முதலாளிகள் எல்லோரும் முதல் வருடத்தில் செய்யும் தவறு. புது வண்டியில் ஒரு வருடம் செலவே வராது, அதனால் கண்ணுக்குத் தெரியாது.

இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது மலிவு என்று தேர்ட் பார்ட்டி மட்டும் போடாதீர்கள், லோன் இருக்கும்வரை வண்டிக்கும் சேர்த்து வேண்டும். ஓட்டுகிற உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துப் பாதுகாப்பு பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்சி முதல் இரண்டு வருடம், பிறகு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதற்குப் பிறகு வருடா வருடம். எட்டு வருடத்துக்குப் பிறகு வண்டியின் விலை சட்டென்று இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம், விற்பதானால் அதற்கு முன் விற்றுவிடுவது நல்லது.

கடைசி டியூ கட்டியதும் வேலை முடியவில்லை. ஆர்.சி. புக்கில் ஃபைனான்ஸ் பேர் அப்படியேதான் இருக்கும். கடன் கொடுத்தவரிடம் என்.ஓ.சி.யும் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் எச்.பி. என்ற அந்தக் கடன் பதிவை நீக்க வேண்டும். என்.ஓ.சி.யைப் பீரோவில் வைத்து மறந்துவிட்டால் காலாவதியாகிவிடும், மறுபடி வாங்க அலைய வேண்டும். வண்டி விற்கப் போகும் அன்று இதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும். வாங்க வந்தவர் நின்ற இடத்திலேயே 10,000 குறைத்துக் கேட்டார்.

மச்சான் அன்று கொட்டேஷனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். அந்த வாரமே 40,000 கடனை அடைத்தான். மிச்ச 20,000-ஐ வங்கிக் கணக்கில் போட்டு, வட்டி கட்டிய 1,200-ஐயும் கலெக்‌ஷனில் ஒரு பகுதியையும் அதே கணக்கில் போட்டு வருகிறான். முன்பணம் மறுபடி 60,000 ஆனதும் வங்கியில் கேட்கப் போகிறான். அதுவரை 350 வாடகை. இடையில் முதலாளி 375 கேட்டாராம், 360-க்கு ஒத்துக்கொண்டாராம். "373-க்குள்ளதான் இருக்கு மாமா" என்று போனில் சொன்னான்.